20-உம் 10-உம் சேர்ந்தால் 28: அடுக்குத் தள்ளுபடியைச் சரிபார்ப்பது எப்படி

சித்தி மகள் ஒரு நாள் இரவு ஒரு பில்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரே வரி: "அண்ணா, இதுல 40 எங்க போச்சு?"

பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பை, அசல் விலை 2000. அதற்கு 20% தள்ளுபடி. அதற்கும் மேலே 10% கூப்பன். அவள் மனக்கணக்கு நேரானது: 20-உம் 10-உம் 30, இரண்டாயிரத்தில் 30% என்றால் 600, ஆக 1400 கட்டினால் போதும். பில்லில் இருந்தது 1440. ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டியிருந்தாள்.

"யாரும் ஏமாத்தல. அந்த 10% எதுல இருந்து எடுத்தது, சொல்லு."

"விலைல இருந்துதான்."

"எந்த விலை?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஓ, 1600-ல இருந்தா?" என்று வந்தது.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு வரியிலும் கேட்கத் தெரிந்தால், எந்த அடுக்குத் தள்ளுபடி பில்லையும் நாமே பிரித்துப் பார்த்துவிடலாம். கணக்கு பெரிதாக ஒன்றும் தெரிய வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் போதும். இங்கே எண்களை வெறும் எண்களாகவே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பணம் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த 40

சதவீதம் தனியாக நிற்கும் எண் இல்லை. "10%" என்று மட்டும் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. "எதில் 10%" என்று சேர்த்துச் சொன்னால்தான் தொகை வரும். அந்த "எதில்" என்பதை இந்தக் கட்டுரையில் அடித்தொகை என்று சொல்கிறேன்.

பையின் கதையில் முதல் தள்ளுபடிக்கு அடித்தொகை 2000. அதில் 20% என்பது 400. மீதி 1600. கூப்பன் வேலை செய்ய வரும்போது அந்த 2000 அங்கே இல்லை. கையில் இருப்பது 1600. அதில் 10% என்றால் 160. ஆக மொத்தம் குறைந்தது 560, கட்ட வேண்டியது 1440.

காணாமல் போன 40-க்கும் முகவரி உண்டு. ஏற்கெனவே குறைத்துவிட்ட 400 இருக்கிறதே, அதில் 10%தான் அந்த 40. முதல் தள்ளுபடி எடுத்துக்கொண்டு போன பகுதியின் மேல் கூப்பனுக்கு உரிமை இல்லை. கட்டாத பணத்தில் எப்படித் தள்ளுபடி கேட்பது?

இந்த வழக்கம் ஏன் நியாயமானது என்று சந்தேகம் இருந்தால், 50% தள்ளுபடியோடு 50% கூப்பன் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டினால் 100%. பொருள் இலவசமாக வந்துவிட வேண்டும். 60-உம் 60-உம் என்றால் கடைக்காரர் நமக்கே பணம் தர வேண்டும்! உண்மையில் 50-க்குப் பின் 50 என்றால் பாதியில் பாதி போகிறது. கால் பங்கு கட்டுகிறோம், தள்ளுபடி 75%.

குறைவதைக் கூட்டாதீர்கள், மீதியைப் பெருக்குங்கள்

சரிபார்க்கும் வேலையில் முதல் பழக்கம் இது. 20% தள்ளுபடி என்று பார்த்ததும் மனம் "20" என்று பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு "80 மீதி" என்று படியுங்கள். 10% கூப்பன் என்றால் "90 மீதி". இந்த மீதிகளைப் பெருக்கினால் நாம் கட்டும் பங்கு கிடைக்கும்.

```
2000 × 0.80 × 0.90 = 1440
```

0.80 × 0.90 என்பது 0.72. அதாவது அசல் விலையில் 72% கட்டுகிறோம், உண்மையான தள்ளுபடி 28%. மூன்று அடுக்கு வந்தாலும் இதே வழிதான். 50%, அதன் மேல் 20%, அதன் மேல் 10% என்றால் 0.50 × 0.80 × 0.90 = 0.36. கூட்டிப் பார்த்தால் 80% தள்ளுபடி போலத் தெரியும் அந்த அறிவிப்பு உண்மையில் 64% தள்ளுபடி. அடுக்கு கூடக் கூட, கூட்டிப் பார்க்கும் எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் கூடிக்கொண்டே போகும்.

கையில் கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு சதவீதத்தையும் கூட்டுங்கள்; அப்புறம் இரண்டையும் பெருக்கி 100-ஆல் வகுத்து அதைக் கழித்துவிடுங்கள். 40-உம் 30-உம் என்றால் கூட்டினால் 70, பெருக்கி நூறால் வகுத்தால் 12, மீதி 58. ஆக "40% அதன் மேல் 30%" என்பது 58% தள்ளுபடி. பக்கத்தில் யாராவது ஒரே அடியாக 60% தருகிறார்கள் என்றால் அதுதான் மலிவு, இந்த அடுக்கு 70 என்று தோன்றினாலும் சரி. மூன்று அடுக்கு என்றால் முதல் இரண்டை இப்படிச் சேர்த்துவிட்டு, வந்த விடையோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும்.

கால்குலேட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் உள்ள % பொத்தானை நான் நம்புவதில்லை. 2000 − 20% என்று அழுத்தினால் பெரும்பாலான கைப்பேசிகள் 1600 என்று காட்டும். சிலவோ 20% என்பதை வெறும் 0.2 என்று எடுத்துக்கொண்டு 1999.8 என்று காட்டும். எந்த வகை நம் கையில் இருக்கிறது என்று ஆராய்வதை விட, 0.8-ஆல் பெருக்கிவிட்டுப் போவது சுலபம். நிறைய பில் பார்க்க வேண்டியவர்கள் விரிதாளில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். A2-வில் அசல் விலை, B2-விலும் C2-விலும் சதவீதங்கள்:

```
=A2*(1-B2)*(1-C2)
```

சதவீதங்களை 20% என்றோ 0.2 என்றோ இட வேண்டும். வெறும் 20 என்று இட்டால் விடை பேய் பிடித்த மாதிரி வரும். அதனால் தவறு உடனே தெரிந்துவிடும்.

பில்லிலிருந்து பின்னோக்கிப் போவது

இதுவரை சொன்னது, வாங்குவதற்கு முன் எதிர்பார்ப்பதை எழுதிக்கொள்ளும் முறை. இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி: பில் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கூப்பனால் குறைந்த தொகை பில்லில் பெரும்பாலும் தனி வரியாக இருக்கும். அந்தத் தொகையைக் கூப்பனின் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். வருவது அடித்தொகை. சித்தி மகளின் பில்லில் கூப்பன் வரி 160:

```
160 ÷ 0.10 = 1600
```

1600 என்பது தள்ளுபடி போன பிறகு இருந்த விலை. ஆகக் கூப்பன் இரண்டாவதாக வந்திருக்கிறது. அந்த வரியில் 200 என்று இருந்திருந்தால், வகுத்தால் 2000 வந்திருக்கும். கூப்பனை அசல் விலை மேலேயே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியும் சில இடங்களில் போடுவார்கள்.

ஆனால் 200 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். தள்ளுபடி வரியையும் வகுத்துப் பாருங்கள். அது 400 என்றால் இரண்டுமே 2000 மேல் கணக்கிடப்பட்டவை. உண்மையிலேயே 30% கிடைத்துவிட்டது, 1400 கட்டுகிறீர்கள். தள்ளுபடி வரி 360 என்றால்? 360 ÷ 0.20 = 1800. கூப்பன் முதலில் 200-ஐக் குறைத்துவிட்டது, பிறகு மீதி 1800 மேல் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள். மொத்தம் அதே 560, அதே 1440. சதவீதங்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது, 0.8 × 0.9 என்றாலும் 0.9 × 0.8 என்றாலும் 0.72தான். வரிகளில் உள்ள தொகைகள் மட்டும் இடம் மாறும். "கூப்பனை முதலில் போட்டால் லாபம்" என்று யாராவது சொன்னால், இரண்டும் சதவீதமாக இருக்கும் வரை அதில் ஒன்றும் இல்லை.

வகுத்து வரும் எண் மற்ற எதனோடும் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் தள்ளி நின்றால், முழுமையாக்கல் காரணமாக இருக்கலாம். கூப்பன் தொகையை முழு எண்ணாக்கிக் காட்டும் இடங்களில் அது உண்மையிலிருந்து அரை அளவு வரை விலகியிருக்கும். அந்த அரையை 0.10-ஆல் வகுத்தால் 5. எனவே 10% கூப்பனில் அடித்தொகை 5 வரை தள்ளி வந்தால் கவலை வேண்டாம். 5% கூப்பன் என்றால் 10 வரை போகலாம். அதற்கு மேல் தள்ளியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

வேறு காரணங்களில் அடிக்கடி தட்டுப்படுவது விற்பனை வரி. விலையின் மேல் தனியாக 10% வரி போடும் இடம் என்று வைத்துக்கொள்வோம். 1600-க்கு வரி 160, சேர்த்து 1760. கூப்பன் வரியில் 176 என்று இருந்தால், வகுத்து வரும் அடித்தொகை 1760. வரியோடு சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சதவீதக் கூப்பனைப் பொறுத்தவரை இதனால் நமக்கு நட்டம் எதுவும் இல்லை. 1440 மேல் 10% வரி போட்டாலும் 1584, 1760-இல் 10% குறைத்தாலும் 1584. வரியும் ஒரு பெருக்கல்தான் என்பதால் வரிசை அங்கேயும் பொருட்டில்லை.

நேரடித் தொகை கூப்பன் வந்தால் வரிசை முக்கியம்

"150 குறைவு" என்று ஒரு தொகையாகவே வரும் கூப்பன் வேறு ஜாதி. அது பெருக்கல் இல்லை, கழித்தல். பெருக்கலும் கழித்தலும் கலந்தால் எது முன்னால், எது பின்னால் என்பது விடையை மாற்றிவிடும்.

அதே பை, 2000. 20% தள்ளுபடி முதலில் போனால் 1600, அதில் 150 கழித்தால் 1450. கூப்பன் முதலில் போனால் 1850, அதில் 20% குறைத்தால் 1480. வித்தியாசம் 30. எங்கிருந்து வந்தது? 150-இல் 20% என்பது 30. கூப்பன் முன்னால் போனால், அந்த 150-க்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போகிறது. அதாவது உங்கள் 150 கூப்பன் வெறும் 120 மதிப்புக்குத்தான் வேலை செய்திருக்கிறது.

வாங்குகிறவருக்கு நல்லது, சதவீதம் முதலில், நேரடித் தொகை கடைசியில். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் தள்ளுபடி விலை பொருளின் பக்கத்திலேயே போட்டிருக்கும், கூப்பனை நாம் பணம் கட்டும் இடத்தில்தான் இடுகிறோம். இருந்தாலும் பில்லில் பாருங்கள். இங்கே கூப்பன் வரியை வகுக்க முடியாது, அது எப்போதும் 150தான். தள்ளுபடி வரியை வகுக்க வேண்டும். 400 என்றால் அடித்தொகை 2000, நல்லது. 370 என்றால் அடித்தொகை 1850, கூப்பன் முந்திக்கொண்டது.

முன்பு சொன்ன விற்பனை வரியும் இங்கே சும்மா இருக்காது. 10% வரி உள்ள இடத்தில், வரிக்கு முன் 150 கழிந்தால் 1450 மேல் வரி சேர்ந்து 1595. வரி போட்ட 1760-இலிருந்து கழித்தால் 1610. பரிசு அட்டையால் கட்டுவது பின்னதைப் போன்றது. அது தள்ளுபடியே அல்ல, பணம் கட்டும் ஒரு வழி. விலையும் வரியும் முழுதாக முடிந்த பிறகுதான் அது உள்ளே வரும். பரிசு அட்டைத் தொகையைத் தள்ளுபடியோடு சேர்த்து எண்ணாதீர்கள். கேஷ்பேக்கும் அப்படியே. இன்று கட்டும் தொகையை அது குறைப்பதில்லை, பிறகு வேறொரு வடிவத்தில் திரும்பி வருகிறது.

நேரடித் தொகை கூப்பனோடு பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை ஒட்டிக்கொண்டு வரும்: "1500-க்கு மேல் வாங்கினால் 150 குறைவு" என்பது போல. எந்த 1500? அசல் விலையில் 1800 உள்ள பொருள் 20% தள்ளுபடிக்குப் பின் 1440. குறைந்தபட்சத்தை அசல் விலையில் பார்த்தால் தேறும், தள்ளுபடி விலையில் பார்த்தால் தேறாது. தள்ளுபடி விலையில் பார்ப்பதுதான் நான் அதிகம் கண்டது. அந்த நிலையில் ஒரு வேடிக்கை உண்டு. 60 விலையுள்ள இன்னொரு பொருளைச் சேர்த்தால் கூடை 1500 ஆகும், கூப்பன் ஒட்டும், கட்டுவது 1350. தனியாக வாங்கினால் 1440, கூட ஒன்று சேர்த்தால் 1350! குறைந்தபட்சத்தை எட்டச் சேர்க்க வேண்டிய தொகை கூப்பனின் மதிப்பை விடச் சிறியதாக இருக்கும் வரை இது பலிக்கும். 1500-ஐ எட்ட 200 தேவைப்பட்டால் பலிக்காது. எதற்கும், "1500-க்கு மேல்" என்பதில் சரியாக 1500 சேருமா என்று கூப்பனை இட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரு முழுக் கூடையைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரே பொருள் என்றால் எல்லாம் தெளிவு. குழப்பம் வருவது மூன்று நான்கு பொருள்களை வெவ்வேறு தள்ளுபடியில் சேர்த்து, மேலே ஒரு கூப்பனையும் வைக்கும்போதுதான். இப்படி ஒரு கூடை:

பை, அசல் விலை 2400, தள்ளுபடி 40%.
காலணி, அசல் விலை 1800, தள்ளுபடி 25%.
சுவர்க்கடிகாரம், விலை 800, தள்ளுபடி இல்லை.

கூப்பன் சொல்வது: "கூடுதல் 15% தள்ளுபடி, அதிகபட்சம் 400 வரை, குறைந்தது 3000-க்கு வாங்க வேண்டும்."

முதல் படி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அதன் தள்ளுபடி விலைக்குக் கொண்டு வாருங்கள். 40%, 25%, 0% ஆகிய மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி எடுப்பது வேலைக்கு ஆகாது. விலை கூடிய பொருளின் தள்ளுபடிக்குக் கனம் அதிகம். பை 2400 × 0.60 = 1440. காலணி 1800 × 0.75 = 1350. கடிகாரம் 800. கூட்டினால் 3590. அசல் விலைகளின் கூட்டு 5000.

இரண்டாவது, குறைந்தபட்சம். 3590 என்பது 3000-ஐத் தாண்டிவிட்டது. சரி.

மூன்றாவது, கூப்பன். 3590-இல் 15% என்பது 538.50. ஆனால் அதிகபட்சம் 400. எனவே குறைவது 400தான். கட்ட வேண்டியது 3190.

நான்காவதாக, உண்மையான தள்ளுபடி எவ்வளவு? குறைந்த மொத்தத்தை அசல் மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 1810 ÷ 5000 = 0.362. ஆக 36.2%. "40% தள்ளுபடி, கூடவே 15%" என்ற அறிவிப்பைப் பார்த்து 55 என்று கூட்டியவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் தவறு ஏதும் இல்லை.

இப்போது இதே பில்லைப் பின்னோக்கிப் பாருங்கள். கூப்பன் வரி 400. அதை 0.15-ஆல் வகுத்தால் 2666.67. கூடையில் அப்படி ஒரு தொகை எங்கேயும் இல்லை. பொருந்தாத அடித்தொகையும் உருண்டையான கூப்பன் தொகையும் சேர்ந்து வந்தால், உச்சவரம்பு இடித்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 2666.67 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்தக் கூப்பன் தன் முழு 15% பலத்தோடு வேலை செய்வது அந்தத் தொகை வரைதான். இந்தக் கூப்பனிலோ, தள்ளுபடி விலையில் பார்க்கும் இடத்தில், குறைந்தபட்சமே 3000. ஆக இதை வைத்து யாருக்கும் 15% கிடைக்கவே கிடைக்காது. மிக நல்ல நிலையில், சரியாக 3000-க்கு வாங்கினால், 13.3%. அறிவிப்பில் பெரிய எழுத்தில் இருப்பது 15. இப்படிக் குறைந்தபட்சமும் உச்சவரம்பும் ஒன்றையொன்று இடிக்கும் கூப்பன்கள் அபூர்வமில்லை. உச்சவரம்பைச் சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல், தேவையில்லாத ஒரு கடிகாரத்தை நானே ஒரு முறை வாங்கியிருக்கிறேன்.

சரி, சிறிய எழுத்தில் "கடிகாரங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி இருந்தால்? கூப்பனுக்குத் தகுதியானவை பையும் காலணியும் மட்டும், 2790. அதில் 15% என்பது 418.50. உச்சவரம்பு அப்போதும் இடிக்கும், அப்போதும் குறைவது 400தான். பில்லைப் பார்த்து இந்த விலக்கைக் கண்டுபிடிக்கவே முடியாது. உச்சவரம்பு அதை மறைத்துவிடுகிறது. ஆனால் குறைந்தபட்சம் 3000 என்பதைத் தகுதியான பொருள்களுக்கு மட்டும் பார்க்கும் இடமாக இருந்தால், 2790 தேறாது, கூப்பனே ஒட்டாது. "கூடை 3590 இருக்கே, ஏன் கூப்பன் ஏற்கல?" என்று தலையைச் சொறிபவர்களில் பலருடைய சிக்கல் இதுதான். இதைச் சோதிக்க ஒரு வழி: கடிகாரத்தைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு, தகுதியான வேறொரு பொருளைச் சேர்த்துப் பாருங்கள். கூப்பன் ஒட்டினால் காரணம் கடிகாரம்.

இந்தச் சோதனைகளையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் கடைசியாக வரும் விவரத் திரையில் செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்லின் ஒவ்வொரு வரியும் புதிதாகக் கணக்கிடப்படும். டெலிவரி கட்டணத்தையும் அங்கேயே கவனியுங்கள். கூப்பன் அதைப் பெரும்பாலும் தொடாது. இலவச டெலிவரிக்கு என்று ஒரு குறைந்தபட்சம் இருந்தால், கூப்பன் போட்டபின் தொகை அதற்குக் கீழே இறங்கி, கட்டணம் புதிதாக முளைப்பதும் உண்டு. நான் சரிபார்க்கும்போது டெலிவரி வரியைத் தனியே ஒதுக்கிவிட்டு, பொருள்களின் கணக்கை முடித்தபிறகு கடைசியில் சேர்ப்பேன்.

இந்தக் கணக்கு எதுவும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அசல் விலை உண்மையிலேயே அசல் விலைதானா என்பது பில்லில் தெரியாது. 2400 என்று போட்டு 40% குறைத்த பையை வேறோர் இடத்தில் எந்தத் தள்ளுபடியும் இல்லாமல் 1400-க்கு விற்கலாம். எனவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது சதவீதங்களை ஒப்பிடாதீர்கள். கடைசியில் கட்டும் தொகையை ஒப்பிடுங்கள்.

ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்

காலணி அளவு சரியில்லை, ரிட்டர்ன் போடுகிறீர்கள். எவ்வளவு திரும்ப வரும்? பில்லில் காலணிக்கு நேரே 1350 என்று இருப்பதால் 1350 என்றுதான் நினைப்போம். வராது. ஏனென்றால் அந்த 400 கூப்பன் கூடை முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது. காலணிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

பங்கு பிரிப்பது வழக்கமாக விலை விகிதத்தில். மூன்று பொருள்களுக்கும் கூப்பன் பொருந்திய கூடை என்றால், காலணியின் பங்கு 1350-ஐ 3590-ஆல் வகுத்து 400-ஆல் பெருக்கினால் வரும்: 150.42. ஆகத் திரும்ப வருவது 1350 − 150.42 = 1199.58. இதே முறையில் பையின் பங்கு 160.45, கடிகாரத்தின் பங்கு 89.14. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 400.01 வருகிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கியதால் 0.01 கூடிவிட்டது. கூட்டு சரியாக 400 வர வேண்டும் என்பதால், ஏதாவது ஒரு பொருளின் பங்கில் அதைக் குறைத்துவிடுவார்கள். உங்கள் கணக்குக்கும் பில்லுக்கும் 0.01 வித்தியாசம் வந்தால் காரணம் இதுதான். அதற்காக யாரையும் அழைக்க வேண்டாம்.

அழைக்க வேண்டிய இடம் வேறு. காலணி போனபின் கூடையில் மீதி பையும் கடிகாரமும், 2240. கூப்பனின் குறைந்தபட்சம் 3000. சில இடங்களில், ரிட்டர்னுக்குப் பின் குறைந்தபட்சம் தேறவில்லை என்றால் கூப்பனையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் மீதி இரண்டு பொருளுக்கும் கூப்பன் இல்லாமல் 2240 கட்டியதாகக் கணக்கு. நீங்கள் கட்டியது 3190. திரும்ப வருவது 950.

1350 விலையுள்ள காலணிக்கு 950. இந்த விதி கூப்பனின் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கணக்கையே எழுதி அனுப்பி, 1199.58 ஏன் வரவில்லை என்று கேட்கலாம். இருந்தால், ரிட்டர்ன் போடாமல் அளவு மாற்றிக் கேட்க முடியுமா என்று பார்ப்பதே மேல். ஒரு பொருளுக்கு அதே பொருள் மாற்றாக வந்தால் கூடையின் தொகை 3590-ஆகவே நிற்கும். கூப்பனைத் தொட வேண்டிய அவசியமும் வராது.